மூன்றாம் மெஷினில் மகாராணி

பாதுகாப்பு வகுப்பில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே தூங்கி, முழுநீளக் கனவு ஒன்றைப் பார்த்து, இடைவேளைக்கு எழுந்து, மறுபடி கண்ணை மூடி விட்ட இடத்திலிருந்து மிச்சக் கனவையும் பார்த்து முடித்த ஒரே ஆள் உலகத்தில் நான்தான். சரி, கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன். இடைவேளை கிடையாது. கனவும் பாதியில் அறுந்தது. தூக்கம் மட்டும் சுத்தமான உண்மை. அதற்குச் சாட்சி வேண்டுமென்றால் அன்றைய வருகைப் பதிவேட்டைப் பாருங்கள். பதினான்காவது பெயருக்குக் கீழே என் பேனா தானாக நடந்து போய் மேசை விளிம்பில் விழுந்த கோடு இன்னும் இருக்கும்.

அந்தப் பதிவேடு என் பொறுப்பு. நான் வேலை பார்த்தது ஒரு பெரிய சலவை ஆலையில். ஆஸ்பத்திரிகள், விடுதிகள் எல்லாவற்றின் படுக்கை விரிப்புகளும் மூட்டை மூட்டையாக எங்களிடம் வரும். துவைத்து, பிழிந்து, நீராவி உருளையில் தேய்த்து, மடித்து அனுப்புவோம். நான் அலுவலக குமாஸ்தா. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் பாதுகாப்பு வகுப்பு என்றால், வந்தவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். மூட்டைகள் அடுக்கும் அறைக்குப் பக்கத்து அறை. பதினாறு நாற்காலி, ஒரு கரும்பலகை, சுற்றும்போது 'கடக் கடக்' என்று தாலாட்டும் மின்விசிறி ஒன்று.

வகுப்பு எடுத்தவரை எல்லாரும் பல்செட்டு சார் என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பது வருடம் அதே ஆலையில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். பார்வை மங்கியதும், "இனிமேல் ஏணி ஏற வேண்டாம், விதிகளைச் சொல்லிக்கொடுங்கள்" என்று மேனேஜர் ஒரு தடித்த புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டார். மனைவி போய் ஐந்து வருடம் ஆகியிருந்தது. ஒரே மகன் கடல் தாண்டி இருந்தான்.

முதல் ஆறு மாதம் அவர் புத்தகத்தை அப்படியே வாசித்தார். "பிரிவு நான்கு, உட்பிரிவு இ..." என்று அவர் தொடங்கும்போது முன்வரிசை கொட்டாவி விடும், முடிக்கும்போது பின்வரிசை குறட்டை விடும். அவர் யாரையும் எழுப்ப மாட்டார். மூட்டை தூக்கித் தூக்கி ஓய்ந்த உடம்பு, கொஞ்சம் படுக்கட்டுமே என்று குரலை இன்னும் தாழ்த்திக்கொள்வார்.

ஒருநாள் "பூட்டு" என்ற சொல்லை அழுத்திச் சொல்லப்போய், மேல் பல்செட்டு நழுவி மேசையில் விழுந்தது. மொத்த அறையும் விழித்துக்கொண்டது. வேறு யாராக இருந்தாலும் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போயிருப்பார்கள். இவர் அதை எடுத்துத் துடைத்தார், பார்த்தார், எங்களைப் பார்த்தார். பல் இல்லாத வாயோடு கேட்டார்:

"இதை உங்கள்ல யாருக்காவது கடன் வேணுமா? கறி சாப்பிட்டுட்டுக் கழுவிக் குடுத்தா போதும்."

"ஐயே, வேணாம் சார்!" என்று அறை அலறியது.

"ஏன்? நல்ல பல்லுதானே?"

"அது உங்களோடது சார்!"

"அப்படித்தான் பூட்டும். மெஷினுக்குள்ள இறங்குறவன் அவனவன் பூட்டைப் போடணும். அடுத்தவன் பூட்டை நம்பி இறங்காதே. உன் பூட்டை அடுத்தவனுக்குக் குடுக்காதே. சாவி உன் பையில. உன் பூட்டை நீதான் திறக்கணும், என் பல்லை நான்தான் மாட்டணும்." சொல்லிவிட்டு மாட்டிக்கொண்டார்.

எங்கள் ஆலையின் துவைக்கும் மெஷின்கள் ஆள் நுழைகிற அளவுக்குப் பெரிய டிரம்கள். விரிப்பு எங்காவது சிக்கிக்கொண்டாலோ, உள்ளே போல்ட் தளர்ந்தாலோ மெக்கானிக் உள்ளே போக வேண்டும். அதற்கு முன்னால் மின்சாரம், தண்ணீர், நீராவி மூன்றையும் அடைத்துப் பூட்ட வேண்டும். உள்ளே யார் இருக்கிறார் என்று அட்டை மாட்ட வேண்டும். பிறகு ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பார்க்க வேண்டும். ஓடவில்லை என்றால்தான் தலையை உள்ளே நீட்டலாம். பதினோரு பக்கத்தில் புத்தகம் சொன்னது இதைத்தான். பல்செட்டு விழுந்த அன்றைக்குத்தான் முதல்முறையாக அது யார் காதிலாவது நுழைந்தது.

அதற்குப் பிறகு அவர் புத்தகத்தை மூடிவிட்டார். நகைச்சுவையை அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. மின்கம்பியைத் தொடுகிற மாதிரி ஜாக்கிரதையாகத்தான் தொட்டார். ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். இடது பக்கம் ஜோக், வலது பக்கம் விதி. வகுப்பு முடிந்து மூன்றாம் நாள் ஆலைக்குள் போய், வேலை செய்துகொண்டிருக்கும் யாரையாவது நிறுத்தி இரண்டு கேள்வி கேட்பார். "அன்னிக்கு எதுக்குச் சிரிச்சே?" "அதுல நான் என்ன சொல்லிக்கொடுத்தேன்?" முதல் கேள்விக்கு மட்டும் பதில் வந்தால் அந்த ஜோக்குக்கு ஆயுள் முடிந்தது.

அவருடைய மச்சான் ஒருவர் துணி டிராலியோடு சரிவில் உருண்டு, கதவை உடைத்துக்கொண்டு போன கதை ஒன்று உண்டு. அதைக் கேட்டு நாங்கள் நாற்காலியிலிருந்து வழுக்கி விழுந்தோம். மூன்றாம் நாள் மடிப்புப் பிரிவுப் பெண்மணி ஒருவரிடம் கேட்டார்.

"மறக்க முடியுமா சார்! உங்க மச்சான் நேரா மேனேஜர் மடியில போய் விழுந்தாரே!"

"சரி, அதுல இருந்து என்ன தெரிஞ்சுகிட்டீங்க?"

அந்த அம்மாள் நன்றாக யோசித்தார். "மேனேஜர் மடி மெத்துன்னு இருக்கும்னு."

டிராலியை இழுக்காதே, தள்ளு. சரிவில் தனியாக இறக்காதே என்பது பாடம். அது யாருக்கும் நினைவில்லை. அன்றைக்கு மாலை என் மேசைக்கு வந்து, மகனையே வெளியூருக்கு அனுப்புகிற முகத்தோடு அந்தப் பக்கத்தில் குறுக்குக் கோடு போட்டார். "நல்ல ஜோக்கும்மா. ஆனா தனியா ஓடுது, பாடத்தைக் கூட்டிட்டுப் போகலை."

சில ஜோக்குகள் நிலைத்தன. பிளீச்சிங் கரைசலையும் அமிலத்தையும் அருகருகே வைக்கக்கூடாது. இரண்டும் கலந்தால் விஷவாயு. அதை இப்படிச் சொல்வார்: "இவங்க ரெண்டு பேரும் விவாகரத்து ஆனவங்க. தனித்தனியா பார்த்தா தங்கமான மனுஷங்க. ஒரே அலமாரியில குடித்தனம் வெச்சீங்கன்னா, அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது, நாமதான் மூச்சு முட்டி வாசலுக்கு ஓடணும்." அடுத்த வாரமே யாரோ ஒருவர் சரக்கு அறையில் அமிலக் கேன்களைத் தூக்கி அடுத்த அறைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, "ஐயா பிறந்த வீட்டுக்குப் போயிட்டார்" என்று சொல்லிவிட்டுப் போனார். சிரிப்பும் விதியும் ஒரே வாக்கியத்தில் ஏறி வந்தால் இரண்டும் சேர்ந்தே இறங்கும் என்பது அவர் கண்டுபிடிப்பு.

இன்னொன்றும் கற்றுக்கொண்டார், வலித்துக் கற்றுக்கொண்டார். தேய்க்கும் உருளையைப் பற்றி, விரலை வைத்து ஒரு ஜோக்கைத் தொடங்கினார். இரண்டாம் வரிசையில் இருந்த ஒரு பெண் மெதுவாகத் தன் இடது கையை மேசைக்கு அடியில் இறக்கிக்கொண்டாள். அந்தக் கையில் மூன்று விரல்தான். அவர் வாக்கியத்தின் நடுவிலேயே நின்றார். பிறகு புத்தகத்தை எடுத்து, உருளை பற்றிய விதியைச் சொல் சொல்லாக, வறண்ட குரலில் வாசித்தார். அன்றிலிருந்து அவருடைய கதைகளில் அடிபடுகிறவர் ஒன்று அவரே, அல்லது இல்லாத அந்த மச்சான்.

"எங்க சார் பழகுறீங்க இதையெல்லாம்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வீட்டுலதான். நாலு நாற்காலி இருக்கு. ஒவ்வொண்ணுலயும் ஒரு சட்டையை மாட்டி வெச்சுட்டு நின்னுக்கிட்டு சொல்லுவேன். சட்டைங்க லேசுல சிரிக்காதும்மா. அதுங்க முன்னாடி தைரியமா சொல்ல முடிஞ்சா இங்க கண்டிப்பா எடுபடும்."

நான் அதற்கும் சிரித்தேன்.

"மகன்கிட்ட போன்ல சொல்லிப் பார்க்கலாமே?"

"சொல்லுவேன். பாதியில 'அப்பா, லைன் சரியில்லை'ம்பான். லைன் நல்லாத்தான் இருக்கும்."

அதற்கும் சிரித்தேன். அவர் எதைச் சொன்னாலும் சிரிப்பு வரும். அந்தக் குரல் அப்படி. வகுப்பு முடிந்ததும் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே போவார்கள். அவர் கரும்பலகையை மேலிருந்து கீழாக, அவசரமே இல்லாமல் துடைப்பார். மதியம் மின்சார அறையில் ஸ்டூலில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுவார். செவ்வாய் முடிந்தால் அடுத்த செவ்வாய் வரை அவருக்கு மனிதச் சத்தம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. இது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்து என்ன செய்தேன் என்று கேட்டால், பதிவேட்டில் கையெழுத்து வாங்கினேன்.

தப்பு அட்டையில்தான் தொடங்கியது. பூட்டோடு மாட்டுகிற அட்டையில் உள்ளே இருப்பவர் பெயர், என்ன வேலை, எந்த நேரம் இறங்கினார் என்று எழுத வேண்டும். எழுத அலுப்பு, வெறும் அட்டையை மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இவர் வகுப்பில் சொன்னார்: "போறவன் நின்னு படிக்கிற மாதிரி எழுதுங்கய்யா."

அடுத்த நாளே ஒருவன் எழுதினான்: 'உள்ளே மாப்பிள்ளை தூங்குகிறார். எழுப்பினால் சீர் கேட்பார்.' ஆலையே திரண்டு வந்து படித்தது. செவ்வாய்க்கிழமை வகுப்பில் அவனுக்கு ஒரு புதுத் துண்டு பரிசு. அவ்வளவுதான், போட்டி பிடித்துக்கொண்டது. 'இங்கே தலை நுழைத்தால் வெள்ளையாக வெளுத்துத் தரப்படும்.' 'மாமியார் வருகை, மெஷின் மௌன விரதம்.' வேலை முடிந்த பிறகும் அட்டையைக் கழற்ற மனசு வராமல் ஒன்றிரண்டு பேர் காட்சிக்குத் தொங்கவிட்டார்கள். முன்பு அட்டையே மாட்டாதவர்கள் இப்போது மாட்டுகிறார்களே என்று அவருக்கு மகிழ்ச்சி. காலையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மெஷின் மெஷினாகப் போய், செய்தித்தாள் படிக்கிற மாதிரி படித்துத் தனக்குள் குலுங்குவார். தன் ஜோக்கைத் தானே சொல்லித் தீர்த்த மனிதருக்கு, அடுத்தவர் எழுதிய ஜோக் படிக்கக் கிடைப்பது விருந்தில்லையா?

எங்கள் மெக்கானிக்குகளில் ஒருத்தி இருந்தாள். ஒல்லியான உடம்பு, இடுப்பில் எப்போதும் ஸ்பேனர். பெயரும் ஸ்பேனர் என்றே நிலைத்துவிட்டது. (இதை எழுதும்போது அவள் எனக்கு எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறாள். இப்போது நாங்கள் ஒரே குடியிருப்பில், ஒரே மாடியில் இருக்கிறோம். கண்ணாடியை எங்கோ தொலைத்துவிட்டாளாம்; எழுத எழுத வாசித்துக் காட்டு என்று உயிரை எடுக்கிறாள்.)

ஒருநாள் பிற்பகல், ஷிஃப்ட் மாறுகிற நேரம். மூன்றாம் மெஷினின் பின் அறையில் ஒரு போல்ட் தளர்ந்திருந்தது. ஸ்பேனர் முறைப்படி எல்லாவற்றையும் அடைத்துப் பூட்டினாள், பட்டனை அழுத்திப் பார்த்தாள், அட்டை மாட்டினாள், உள்ளே போனாள். டிரம்முக்குள் தடுப்பு உண்டு. பின் அறையில் மல்லாந்து படுத்திருப்பவர் வாசலிலிருந்து பார்த்தால் தெரியமாட்டார். காதில் சத்தத்துக்கான அடைப்பான் வேறு.

இரண்டு மணி ஷிஃப்டுக்குப் புது மேற்பார்வையாளர் ஒருவர் வந்தார். வேறு ஆலையிலிருந்து மாற்றலாகி வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அவருக்கு வகுப்பு அடுத்த செவ்வாய். அதற்கான தாளில் கையெழுத்து வாங்கத்தான் நான் அங்கே போனேன். ஆஸ்பத்திரி விரிப்புகள் மலையாகக் குவிந்திருந்தன. மூன்றாம் மெஷின் நின்றிருந்தது. அவர் அட்டையைத் திருப்பிப் படித்தார்.

'மகாராணி நீராடுகிறார். காவலர்களே, கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.'

"யாரு இது மகாராணி?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "ரொம்ப நேரமா தொங்குது சார். மகாராணி குளிச்சு முடிச்சு வீட்டுக்கே போயிருப்பா."

"நேத்தும் அந்த அஞ்சாம் மெஷின்ல ஒண்ணு இப்படித்தான் சும்மா தொங்குச்சு," என்று அவர் சலித்துக்கொண்டார். டிரம்முக்குள் எட்டிப் பார்த்தார், யாரும் தெரியவில்லை. பூட்டு யாருடையது என்று தேடிப் போகவில்லை, கூப்பிட்டுப் பார்க்கவில்லை. நீளக் கட்டர் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, மெயின் ஸ்விட்ச்சின் பூட்டை வெட்டினார். அடுத்தது தண்ணீர்ப் பூட்டு, அதற்கடுத்தது நீராவி. மூன்றும் முடிந்ததும் கதவைச் சாத்தினால் மெஷின் தயார்.

நான் பதிவேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அட்டை நன்றாக இருக்கிறதே என்று மட்டும் தோன்றியது.

பல்செட்டு சார் தன் வழக்கமான உலாவில் அந்தப் பக்கம் வந்தார். தரையில் கிடந்த வெட்டிய பூட்டை எடுத்தார். பூட்டு ஒவ்வொன்றிலும் எண் இருக்கும், கொடுத்தவர் அவர். ஒன்பது. ஒன்பது ஸ்பேனருடையது. அதற்குள் மூன்றாவது பூட்டும் வெட்டுப்பட்டு விழுந்தது. மேற்பார்வையாளரின் கை கதவில் இருந்தது.

"உள்ள ஆள் இருக்கு! கதவை மூடாதே!"

அவர் தொண்டை கிழியக் கத்தினார். கத்திய வேகத்தில் பல்செட்டு பறந்து போய் விரிப்புக் குவியலில் விழுந்தது.

நாங்கள் சிரித்தோம்.

இதை எழுதத்தான் இவ்வளவு சுற்றினேன். சிரித்தோம். மடிப்பு மேசையில் இருந்தவர்கள், மூட்டை சுமந்தவர்கள், நான், எல்லாரும். "சார் இன்னிக்கு நடிச்சே காட்டுறாரு!" என்று ஒருவர் கை தட்டினார். மேற்பார்வையாளரும், இவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தவர்தானே, சிரித்துக்கொண்டே கதவைத் தள்ளினார். சார் இன்னொரு முறை கத்தினார். பல் இல்லாததால் சொல் குழறியது. அதற்கும் சிரிப்பு. அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்று நாங்கள் காத்திருந்தோம்.

அவர் ஓடி வந்து, மூடிக்கொண்டிருந்த கதவுக்கும் டிரம்முக்கும் நடுவில் தன் உடம்பைத் திணித்தார். அறுபதை நெருங்கிய மனிதர், மார்பு உள்ளே, இரண்டு கால் வெளியே. கதவு விலாவில் இடித்தது. கால்கள் உதைத்துக்கொண்டிருந்தன. அதற்குத்தான் அதிகமாகச் சிரித்தோம்.

அப்போது டிரம்முக்குள்ளிருந்து ஒரு குரல் கிணற்றுக் குரலாக வந்தது. "யாருங்க அது, என் காலைப் பிடிச்சு இழுக்கிறது?"

சிரிப்பு அப்படியே நின்றது. விரிப்புக் குவியலில் கிடந்த பல்செட்டை யாரும் எடுக்கவில்லை. அவரே இறங்கி, குனிந்து, தேடி எடுத்துக்கொண்டார். மாட்டிக்கொள்ளவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

மறுநாள் மேனேஜர் அறையில் விசாரணை. குறிப்பெடுத்தவள் நான். மேற்பார்வையாளர் தலையைக் குனிந்துகொண்டு, "பூட்டுக்குச் சொந்தக்காரரைத் தேடாம வெட்டினது என் தப்பு" என்றார். ஸ்பேனர், "பேரை எழுதாதது என் தப்பு" என்றாள். அடுத்து சார் பேசினார். விலாவில் கட்டு போட்டிருந்தார்.

"அட்டை ஆபத்தைச் சொல்றதுக்கு இருக்கு. அதை ஜோக்காக்கினது நான். அப்புறம் நானே ஆபத்துன்னு கத்தினப்போ, என்னையும் ஜோக்குன்னு நினைச்சாங்க. ரெண்டும் ஒரே தப்புதான் சார்."

மேனேஜர் மென்மையாகத்தான் சொன்னார். "உங்க மேல வருத்தம் இல்லை. ஆனா இனிமே சிரிப்பெல்லாம் வேணாம். ஒரு வீடியோ வாங்கிடலாம். நாற்பது நிமிஷம். போட்டுக் காட்டினா போதும். நீங்க ஓய்வெடுங்க."

வீடியோ போடுவதற்குப் பதிவேட்டுக் குமாஸ்தா போதும். அவர் முகத்தைப் பார்த்தேன். வகுப்பு போனால் அவருக்குச் செவ்வாய்க்கிழமை போகும். செவ்வாய் போனால் வாரத்தில் எதுவும் மிச்சமில்லை.

"இன்னும் ஒரே ஒரு வகுப்பு குடுங்க," என்றார். "மூணாம் நாள் நீங்களே போய்ப் பத்துப் பேர்கிட்ட கேளுங்க. எட்டுப் பேராவது சரியா சொல்லலைன்னா வீடியோவை நானே போடறேன்."

மேனேஜர் சம்மதித்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பதினாறு நாற்காலியும் நிரம்பி, சுவரோரம் ஆட்கள் நின்றார்கள். புது மேற்பார்வையாளர் முன்வரிசையில். சார் ஆலை முழுக்கச் சேகரித்த வேடிக்கை அட்டைகளை மேசையில் அடுக்கினார். முதல் அட்டையை எடுத்து, ஏற்ற இறக்கமே இல்லாமல் வாசித்தார். "உள்ளே மாப்பிள்ளை தூங்குகிறார்." எல்லாரும் சிரித்தார்கள். மேற்பார்வையாளரைப் பார்த்துக் கேட்டார்: "உள்ள யாரு?"

"தெரியலை சார்."

இரண்டாவது. "மாமியார் வருகை. உள்ள யாரு?"

"தெரியலை."

மூன்றாவதற்குப் பாதிப் பேர் சிரித்தார்கள். ஐந்தாவதற்கு ஒருவர். ஏழாவது அட்டைக்கு மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. எட்டாவதை அவர் வாசிக்கவில்லை, ஸ்பேனரிடம் நீட்டினார். அவள் எழுந்து நின்று, "மகாராணி நீராடுகிறார்" என்று வாசித்துவிட்டு, "நான்தான் உள்ள இருந்தேன்" என்றாள். குரல் உடைந்துவிட்டது.

நான் அன்றைக்குப் பயந்தேன். இந்தக் கனத்தோடு விட்டுவிட்டால் எல்லாரும் அழுகையைத்தான் நினைவில் வைப்பார்கள். அவருக்கு அது தெரிந்திருந்தது. ஒரு வெற்று அட்டையை எடுத்தார்.

"இதுல பேர், வேலை, நேரம். மூணு மட்டும். இதுல சிரிப்பு வேணாம். சிரிக்கத்தான் வாரத்துக்கு ஒருநாள் நான் இருக்கேனே. வேலை முடிஞ்சா அட்டையும் பூட்டும் உங்களோட வெளிய வரணும். அடுத்தவன் பூட்டை வெட்டணும்னா? பூட்டின ஆளைத் தேடு. கிடைக்கலையா, வீட்டுக்குப் போன் போடு. ஆலையில இல்லைன்னு நிச்சயம் பண்ணு. மெஷினுக்குள்ள தலையை விடாதே, குரலை விடு. மேனேஜர் கையெழுத்துப் போடாம கட்டரைத் தொடாதே." கொஞ்சம் நிறுத்தினார். "இதெல்லாம் கஷ்டமா இருந்தா ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க. வெட்டின பூட்டுக்குப் பின்னாடி யாராவது இருந்தா, நான் மறுபடியும் ஓடி வந்து கதவுல மாட்டிக்கணும். எனக்கு விலா ஒரு பக்கந்தான் பாக்கி இருக்கு."

அறை வெடித்தது. அழுதுகொண்டிருந்த ஸ்பேனரும் சிரித்தாள். அடுத்து அவரவர் அட்டையில் அவரவர் பெயரை எழுதச் சொல்லி, நாற்காலி நாற்காலியாக வந்து வாசித்துப் பார்த்தார். பாதிப் பேருடைய உண்மையான பெயர் எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

மூன்றாம் நாள் மேனேஜர் ஆலைக்குள் போய்ப் பத்துப் பேரை நிறுத்தினார். ஒன்பது பேர் தேடு, போன் போடு, குரல் கொடு, கையெழுத்து வாங்கு என்று வரிசையாகச் சொன்னார்கள். பத்தாவது ஆள் மடிப்புப் பிரிவு அம்மாள். "சாருக்கு ஒரு விலாதான் மிச்சம் இருக்கு, பத்திரமா பார்த்துக்கணும்" என்றாராம். அதையும் சரியான விடையாகவே மேனேஜர் எழுதிக்கொண்டார். வீடியோ வாங்கவில்லை.

இன்னும் இரண்டு வருடம் வகுப்பு நடந்தது. அட்டைகளில் வெறும் பெயர்கள். காலை உலாவில் அவர் படித்துச் சிரிக்க ஒன்றும் இருக்காது, ஆனாலும் ஒவ்வொன்றாக நின்று படிப்பார். பிறகு ஓய்வு பெற்றார். அப்புறம்தான் வீடியோ வந்தது. நான்தான் போட்டுக் காட்டினேன், பழையபடி தூங்கினேன்.

அவரை அதன் பிறகு ஒரே ஒருமுறை காய்கறிக் கடையில் பார்த்தேன். ஒரு தக்காளியும் ஒரு வெங்காயமும் கையில். "கூட்டுக் குடும்பம்மா" என்றார். சிரித்தேன், பேருந்து வந்தது, ஏறிவிட்டேன். அவர் போய்ச் சேர்ந்த செய்தி ஆறு நாள் கழித்துத்தான் ஆலைக்கு வந்தது. மகன் வந்து எல்லாம் முடித்துவிட்டுத் திரும்பியும் போய்விட்டான்.

நல்ல மனிதர், ஆனால் தன்னைத் தனியாகவே வைத்துக்கொண்டார். அத்தனை வருடத்தில் ஒருநாளும் யாரையும் வீட்டுக்கு வாருங்கள் என்று அழைத்ததில்லை. அழைத்திருந்தால் நாங்கள் கூட்டமாகப் போயிருப்போம்.

இந்த இடம் வரை வாசித்து நிறுத்தினேன். ஸ்பேனர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடைசி வரியை மாத்துங்கக்கா," என்றாள். "கூப்பிட்டாரு."

"எப்போ?"

"கடைசி வகுப்புல, பலகையைத் துடைச்சு முடிச்சுட்டு. 'ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு எல்லாரும் வீட்டுக்கு வாங்க, தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி தெரு, பச்சைக் கதவு. காபி போடறேன். நாலு டம்ளர்தான் இருக்கு, முறை போட்டுக் குடிக்கணும்'னாரு. எல்லாரும் சிரிச்சோம். முதல்ல சிரிச்சது நீங்கதான். பதிவேட்டை மூடிட்டு, 'நல்லா இருக்கு சார்'னீங்க."

"நீயாவது போனியா?"

"இல்லைக்கா," என்றாள்.